6/6 என்றால் என்ன, 6/24 என்றால் என்ன?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமில் 'வலது 6/6, இடது 6/24 பி, பி.எச். 6/12' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இடது கண்ணில் கால்வாசிப் பார்வைதான் இருக்கிறதா? அவள் எதையும் சிரமப்பட்டுப் பார்த்து நான் கவனித்ததில்லையே?

பதில்: கால்வாசி என்று கணக்குப் போடாதீர்கள். பின்னம் போல எழுதினாலும் அது பார்வையின் சதவீதம் அல்ல. மேலே உள்ள 6, குழந்தை எழுத்து அட்டையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாள் என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள எண், அவள் படித்த எழுத்தை இயல்பான பார்வை உள்ள கண் எவ்வளவு தூரத்திலிருந்து அடையாளம் காணும் என்பதைச் சொல்கிறது. அதாவது, 24 மீட்டரிலிருந்தே தெரிய வேண்டிய எழுத்தைப் பார்க்க உங்கள் மகளின் இடது கண்ணுக்கு 6 மீட்டர் நெருக்கம் தேவைப்படுகிறது.

நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெலன் 1862-இல் வெளியிட்ட முறை இது. 6/6 வரிசையின் எழுத்து சுமார் 8.7 மில்லிமீட்டர் உயரம். 6/24 வரிசையின் எழுத்து அதைப் போல நான்கு மடங்கு, ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர். அட்டையின் உச்சியில் தனியாக நிற்கும் பெரிய எழுத்துதான் 6/60. அங்கிருந்து 36, 24, 18, 12, 9, 6 என்று வரிசைகள் சிறுத்துக்கொண்டே வரும். உச்சி எழுத்தும் தெரியாதவரை அட்டைக்கு அருகே வரச் சொல்வோம். 3 மீட்டரில் தெரிந்தால் 3/60 என்று எழுதுவோம். 1 மீட்டரிலும் தெரியாவிட்டால் விரல்களை எண்ண முடிகிறதா, கை அசைவு தெரிகிறதா, வெளிச்சமாவது தெரிகிறதா என்று படிப்படியாகப் பார்த்துக் குறிப்போம்.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம். 'பி' என்பது பார்ஷியல், அதாவது அந்த வரிசையை முழுதாகப் படிக்கவில்லை. பல அட்டைகளில் 6/24 வரிசையில் மூன்று எழுத்துகள் இருக்கும். அதில் ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம். 'பி.எச்.' என்பது பின்ஹோல். சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியே அதே அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். சிறு துளை, சிதறிய கதிர்களை வடிகட்டி விழித்திரையில் மங்கலைக் குறைக்கும். ஆகவே பின்ஹோலில் பார்வை கூடினால், குறை பெரும்பாலும் கண்ணாடி போட்டுச் சரிசெய்யக்கூடிய பவர் கோளாறு. கூடாவிட்டால் விழித்திரையையும் நரம்பையும் பார்க்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு 6/24-லிருந்து 6/12 வரை கூடியிருக்கிறது. 6/6 வரை வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பவர் குறை இருக்கிறது. அதோடு இடது கண் சோம்பேறிக் கண்ணாகவும் இருக்கக்கூடும். சிறுவயதில் ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கலான படம் போய்க்கொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். வலது கண் 6/6 ஆக இருப்பதால் இரு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் கவனிக்கவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் குழந்தைகள் சிறு துளை வழியே சரியாகப் பார்க்காமல் போவதும் உண்டு. இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது.

முகாம் அளவீட்டில் இன்னும் சில தவறுகள் நேர்வதுண்டு. அறை சிறிதாக இருந்து 3 மீட்டரில் உட்கார வைத்து, 6 மீட்டர் அட்டையின் கடைசி வரிசையைப் படித்ததும் 6/6 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 3/6, அதாவது 6/12. முகம் பார்க்கும் கண்ணாடியில் அட்டையின் பிம்பத்தைக் காட்டினால் மட்டும் 3 மீட்டர் அறை போதும். விரல்களால் கண்ணை மூடினால் இடுக்கு வழியே நல்ல கண் எட்டிப் பார்த்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் அது பின்ஹோல் போலவே வேலை செய்து, எண்ணை நன்றாகக் காட்டிவிடும். நல்ல கண்ணை முதலில் சோதித்தால் எழுத்துகள் மனப்பாடமாகிவிடும். பார்வை குறைந்த கண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வலது கண் 6/6 என்பதும் நேர்ப்பார்வையின் கூர்மை இயல்பு என்று மட்டுமே சொல்கிறது. குழந்தைகள் கண்ணை இறுக்கிக் குவித்து, பிளஸ் பவர் கோளாறை மறைத்தபடியே 6/6 படித்துவிடுவார்கள்.

ஆகவே இந்த மாதத்துக்குள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு இரு கண்ணுக்கும் பவர் பார்க்க வேண்டும். சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட எழுத்து மங்கலாகவும் வெளிச்சம் கூசவும் செய்யும். விழித்திரையையும் பார்த்துவிடுவார்கள். கண்ணாடி போட்ட பிறகு இடது கண்ணின் அளவைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். சில மாதம் விடாமல் அணிந்தும் அது 6/6-க்கு வராவிட்டால், நல்ல கண்ணை நாளொன்றுக்குச் சில மணி நேரம் ஒட்டி மூடும் சிகிச்சையைத் தொடங்குவோம். எட்டு வயதில் அதற்கு நல்ல பலன் இருக்கிறது. தள்ளிப்போடப் போடக் குறையும்.