மதுரை குடோனுக்கு 1 கோடி கடன் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் லுங்கி, துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம். வருஷ விற்பனை 3 கோடியே 65 லட்சம். சராசரியாகச் சரக்கு 72 லட்சம், கடைக்காரர்களிடம் பாக்கி 70 லட்சம், நான் தறிக்காரர்களுக்குத் தர வேண்டியது 27 லட்சம். வங்கிக் கடன் இல்லை. மதுரையில் குடோன் போட்டு விற்பனையை ஒன்றரை மடங்காக்கப் போகிறேன். ஏஜென்ட் ஒருவர் 1 கோடி சிசி லிமிட் வாங்கித் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை அதில் பாதிதான்.

உங்கள் ஒரு நாள் விற்பனை 1 லட்சம். லாபம் 10 சதவீதம் என்று வைத்தால் சரக்கின் அடக்கம் நாளுக்கு 90,000. அப்படியானால் குடோனில் கிடப்பது 80 நாள் சரக்கு, வெளியில் நிற்பது 70 நாள் விற்பனை, தறிக்காரர் உங்களுக்குப் பொறுப்பது 30 நாள். 80ஐயும் 70ஐயும் கூட்டி 30ஐக் கழித்தால் 120 நாள். நீங்கள் போட்ட பணம் திரும்பிவர இத்தனை நாள் ஆகிறது, அதனால்தான் 1 கோடியே 15 லட்சம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

மதுரையில் இதைவிட மோசமாகத்தான் ஆரம்பிக்கும். பாதி விற்பனைக்குப் பாதி சரக்கு போதாது, எல்லா ரகமும் எல்லா கலரும் அங்கேயும் இருக்க வேண்டும், புதுக் கடைக்காரர் கூடுதல் தவணையும் கேட்பார். 100 நாள் சரக்கு, 90 நாள் பாக்கி என்று கணக்கிட்டால் தறிக்காரர் தவணை போக ஏறக்குறைய 76 லட்சம் வேண்டும்.

அதில் 28 லட்சம் ஈரோட்டிலேயே இருக்கிறது. சரக்கை 80லிருந்து 60 நாளுக்குக் கொண்டுவந்தால் 18 லட்சம், பாக்கியை 10 நாள் குறைத்தால் 10 லட்சம். ஆனால் 80 நாள் என்பது சராசரி, அதை நம்பி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துவிடாதீர்கள். வெள்ளைத் துண்டு 20 நாளில் போய்விடும், போன தீபாவளிக்கு எடுத்த பிரிண்ட் பெட்ஷீட் ஒரு வருஷமாக அப்படியே கிடக்கும். வாங்கிய தேதி வாரியாக லாட்டைப் பிரித்து எழுதுங்கள். 180 நாள் தாண்டியதை வந்த விலைக்குத் தள்ளுங்கள். மார்ச் 31 இருப்பை மட்டும் வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள், தீபாவளிக்கு முந்தைய குவியல் அதில் தெரியாது. வங்கியோ பேலன்ஸ் ஷீட்டில் அந்த ஒரே நாளைத்தான் பார்க்கிறது, எத்தனை முறை சொன்னாலும் மாற்றுவதில்லை.

தறிக்காரருக்குத் தாமதமாகக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அங்கேதான் 45 நாள் விதி இடிக்கிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிற்கும் தொகையை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். இதில் ஒரு விலக்கு உண்டு, குழம்பாதீர்கள்: விற்பவர் உங்களைப் போல வாங்கி விற்கும் வியாபாரி என்றால், அவரிடம் உத்யம் சான்றிதழ் இருந்தாலும் இந்த விதி பொருந்தாது. 2021இல் மொத்த வியாபாரிகளுக்கு உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். ஆகவே சான்றிதழில் உற்பத்தி என்று இருக்கிறதா, வியாபாரம் என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு சப்ளையரிடமும் வாங்கிப் பாருங்கள். சென்னிமலை பெட்ஷீட்டைத் தறிக்காரரிடம் நேராக வாங்கினால் கெடு உண்டு, அதே பெட்ஷீட்டை இன்னொரு மொத்தக் கடையில் வாங்கினால் இல்லை. இதே காரணத்தால் உங்கள் பாக்கிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தறிக்காரருக்கு 45 நாளில் கொடுத்துவிட்டு, கடைக்காரர் 90 நாள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டிய ஆள் நீங்கள்தான். இப்படிச் சட்டம் எழுதியவர்கள் ஒரு நாளாவது ஜவுளிச் சந்தையில் நின்றிருக்க வேண்டும்.

சரி, ஏஜென்டின் 1 கோடி எங்கிருந்து வந்தது? எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் கடன் என்று வங்கிகளில் ஒரு முறை உண்டு. ஐந்தரைக் கோடிக்கு அது 1 கோடியே 10 லட்சம். ஆனால் லிமிட் கிடைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது. மாதாமாதம் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் சரக்கிலிருந்து தறிக்காரர் பாக்கியைக் கழித்து 45 லட்சம், அதில் உங்கள் கைப்பணமாக நிற்க வேண்டிய 25 சதவீத மார்ஜின் போக, எடுக்க முடிவது 34 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் 70 லட்சம் பாக்கியில் அது போக மிச்சம் 50 லட்சம் என்றால் 40 சதவீத மார்ஜின் போக 30 லட்சம். மொத்தம் 64 லட்சத்துக்குள். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும். ஏஜென்டுக்கோ கமிஷன் 1 கோடிக்கு.

அப்புறம் அவரே வருவார், "ஸ்டேட்மெண்டில் சரக்கைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டுங்க, விற்பனை பத்தாதுன்னா நாலு பில் போட்டுத் தர்றேன்" என்பார். சரக்கு போகாமல் பில் மட்டும் போவது ஜிஎஸ்டி சட்டப்படி குற்றம், தொகை பெரிதானால் சிறை வரைக்கும் போகும். ஸ்டாக் ஆடிட்டுக்கு ஆள் வந்தால் எண்ணுவது உங்கள் குடோனில், ஏஜென்ட் வீட்டில் இல்லை.

மதுரைக்கு வேண்டிய 76 லட்சத்தில் ஈரோட்டில் கிடைக்கும் 28 லட்சம் போனால் மிச்சம் 48 லட்சம். ஆகவே 50 லட்சம் லிமிட்டை உங்கள் கணக்கு இருக்கும் கிளையில் நேராகப் போய்க் கேளுங்கள், படிவங்களை உங்கள் ஆடிட்டர் போடட்டும். குடோனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தத் தீபாவளி வரை ஈரோட்டிலிருந்தே மதுரைக் கடைகளுக்கு லாரி பார்சலில் அனுப்பிப் பாருங்கள். ராத்திரி ஏற்றினால் பொதுவாக மறுநாள் போய்விடும். அங்கே பாக்கி 90 நாளுக்குள் திரும்பவில்லை என்றால் குடோன் வேண்டாம்.