பிரைட்னஸைக் குறைத்தால் தலைவலி கூடுகிறதே?

கேள்வி: சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆபீஸில் கழித்துவிட்ட எல்.இ.டி மானிட்டர் ஆறு, ஒன்று 2,200 ரூபாய் என்று பழைய பொருள் கடையில் வாங்கினேன். ஃபார்ம் நிரப்ப வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்கிறார்கள். பிரைட்னஸைக் குறைத்து வைத்தேன், அப்புறம்தான் இன்னும் மோசம். கடைக்காரர் 'மானிட்டரில் கோளாறே இல்லை' என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்தியதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. அவர் கதையைச் சொன்னாலே உங்களுக்கு வேண்டிய பதில் பாதி வந்துவிடும்.

2004 வாக்கில் அவர் கடையில் பத்து டப்பா மானிட்டர், எல்லாம் 15 இன்ச். அப்போதும் இதே புகார்தான். அவர் ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் ஒரு திரை மட்டும் துடிக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது, நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்ததில் எல்லா மெஷினும் 1024x768 அளவில், நொடிக்கு 60 தடவை மட்டும் படத்தைத் திரும்ப வரைகிற மாதிரி இருந்தது. 85க்கு ஏற்றலாம் என்றால், அந்த அளவில் 85க்கு மானிட்டர் நொடிக்குக் கிட்டத்தட்ட 69 ஆயிரம் வரி வரைய வேண்டும், அதாவது 69 கிலோஹெர்ட்ஸ் தாங்க வேண்டும், இவருடைய மானிட்டரின் புத்தகத்தில் 54 வரைதான் போட்டிருந்தது. அதனால் எழுத்து பெரிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று 800x600க்கு இறக்கினார். அந்த அளவில் 85க்கு 54க்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். துடிப்பு நின்றது, புகாரும் நின்றது. மூலையில் இருந்த ஒன்று மட்டும் நெளிந்துகொண்டே இருந்ததாம், பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசரை இரண்டடி தள்ளி வைத்ததும் அதுவும் சரியானது.

அந்த அனுபவத்தில்தான் பத்து வருஷம் கழித்து, உங்களைப் போலவே ஆபீஸில் கழித்த எல்.இ.டி மானிட்டர் எட்டு வாங்கிப் போட்டபோது அவர் ஏமாந்தார். தட்டைத் திரையில் 60 இருந்தாலும் துடிக்காது, அது சரிதான், ஏனென்றால் அடுத்த படம் வரும்வரை அது ஒளியை விடாமல் வைத்திருக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு வேறு கதை. வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் பல மலிவு மாடல்கள் விளக்கை மங்கலாக்குவதில்லை, அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. பிரைட்னஸை 25க்கு வைத்தால் விளக்கு ஏறக்குறைய கால்வாசி நேரம் எரிகிறது, முக்கால்வாசி நேரம் இருட்டு. நொடிக்கு இருநூறு தடவை போல நடப்பதால் கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் கண்ணை அங்கேயும் இங்கேயும் ஓட்டிப் படிக்கும்போது சிலருக்குத் தலை இடிக்கும், சிலருக்கு ஒன்றுமே செய்யாது. கண்ணுக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் குறைத்ததே மினுக்கலைக் கூட்டிவிட்டது, அண்ணாச்சியும் இதையேதான் செய்திருந்தார்.

சோதனை இதுதான். கடை விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மினுக்கும், அது குழப்பும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸை 20க்கு வைத்து, அதற்கு முன்னால் ஒரு பேனாவை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். விசிறிய பாதை முழுக்க ஒரே கலங்கலாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஏழெட்டுப் பேனாவைத் தனித்தனியாக அடுக்கி வைத்த மாதிரி தெரிந்தால் மினுக்குகிறது. பிறகு பிரைட்னஸைப் பத்துப் பத்தாக ஏற்றி எங்கே கலங்கலாகிறது என்று பாருங்கள். அண்ணாச்சி கடையில் எட்டில் ஐந்து 100க்குப் போன பிறகுதான் நின்றன, ஒன்று 80லேயே நின்றது, இரண்டு மினுக்கவே இல்லை.

அந்த ஐந்தையும் 100லேயே விட்டுவிட்டார். கண் கூசுமே என்று கேட்பீர்கள், கூசும்தான். வெளிச்சத்தை வேறு இடத்தில் குறைத்தார். மானிட்டர் மெனுவில் கான்ட்ராஸ்டை 75லிருந்து 45க்கு இறக்கினார், அதுவும் போதாத மூன்றில் கலர் அமைப்புக்குள் போய் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவாக 100லிருந்து 70 ஆக்கினார். ஒன்றை மட்டும் குறைத்தால் திரை நிறம் மாறிவிடும். இப்படிச் செய்தால் விளக்கு விடாமல் எரியும், முன்னால் இருக்கிற திரைதான் ஒளியை மறைக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: கருப்பு சாம்பல் மாதிரி வெளுத்துத் தெரியும், போட்டோ வேலைக்கு உதவாது, மின்சாரமும் கொஞ்சம் கூடச் செலவாகும். ஃபார்ம் நிரப்பவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் தாராளமாகப் போதும்.

மினுக்காத இரண்டில் ஒன்றில் மட்டும் புகார் நிற்கவில்லை. அதில் 1366x768 திரையில் 1024x768 வைத்திருந்தார்கள், எழுத்து எல்லாம் பூசினது போல இருந்தது. திரையின் சொந்த அளவுக்கு மாற்றி, எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கினார், தீர்ந்தது. உங்கள் ஆறிலும் இதையும் ஒருமுறை பாருங்கள். (எந்த மானிட்டரில் உட்கார்ந்தாலும் தலை வலிக்கிறது என்று ஒரே ஆள் சொன்னால் அது கண்ணாடி பவர் விஷயமாக இருக்கலாம், கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

சரி, பணத்துக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, மினுக்குவது பழுதில்லை, அந்த மாடலைச் செய்த விதமே அப்படி. அதனால் பழுது என்ற பெயரில் வாதாடினால் நிற்பது கஷ்டம். ஆனால் வாங்கும்போது 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கொடுத்திருந்தால் விஷயமே வேறு, சொன்ன குணம் பொருளில் இல்லை என்று கேட்க இடமிருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கினதுதானே, நீ நுகர்வோரே இல்லை என்று அவர் மடக்கினால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிற கடைக்கு வாங்கினதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. நாலு ஆள் வைத்து ஐந்தாறு கிளை நடத்தினால் உங்கள் வாதம் எடுபடாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதியுங்கள், கட்டணம் கிடையாது. அதிலும் நடக்காவிட்டால் வாங்கின நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மட்டும் என்னால் பெரிய நம்பிக்கை கொடுக்க முடியாது, பணம் அனுப்பின யு.பி.ஐ பதிவையாவது அழிக்காமல் வையுங்கள்.

அடுத்த தடவை வாங்கப் போகும்போது, கடையிலேயே மானிட்டரைப் போடச் சொல்லி, பிரைட்னஸை 20க்கு இறக்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆட்டுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.