ஆவி பறக்குற கூழும் மடிப்பிச்சையும்

அக்கா வணக்கம். நம்ம ஏரியா கதைன்னு சொல்லி வந்து நல்லா ஓடுன அந்தப் படத்துல ஆடி மாசம் கூழ் ஊத்துற சீன் வருதே, பார்த்தீங்களா? ஹீரோவோட அம்மா முந்தானையை ஏந்திக்கிட்டு வீடு வீடா போறாங்க, தியேட்டர்ல பாதி பேரு அழுதாங்க. அப்புறம் ஹீரோ பணம் சம்பாதிச்சு கோயில் வாசல்லயே அண்டா வச்சு கூழ் காய்ச்சி, ஆவி பறக்க பறக்க ஊருக்கே ஊத்துறாரு. எங்க ஆயா பார்த்துட்டு "இது இன்னா கூழு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு படுத்துட்டாங்க. எங்க குரூப்ல பசங்க அந்த சீனை வச்சு ஒரே கலாய். எனக்கு கலாய்க்கறதுல இஷ்டம் இல்லக்கா. என்ன தப்பு, ஏன் தப்புன்னு மட்டும் சொல்லுங்க.
கொருக்குப்பேட்டை வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

படத்தை ரெண்டு தடவை பார்த்தேன்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த டைரக்டர் மேல எனக்கு மரியாதைதான் இருக்கு. பம்பை சத்தம் சந்துக்குள்ள இருந்து முதல்ல கேக்கும், ஆள் அப்புறம்தான் தெரிவாங்க, அதை அப்படியே புடிச்சிருக்காரு. பானை கழுத்துல வேப்பிலை கட்டியிருந்த விதம்கூட சரி. யாரோ நேர்ல நின்னு பார்த்தவங்கதான் அதை சொல்லியிருக்கணும். ஆனா வந்தவங்க ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் பார்த்துட்டு போயிட்டாங்கன்னு நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரியும் சனிக்கிழமை சாயங்காலமும் அவங்க கண்ணுல படவே இல்ல.

அந்த அம்மா மடி ஏந்தி போற சீன்தான் எனக்கு மனசுல தச்சுது, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். படத்துல அது வறுமை. சோகமா வயலின் வாசிக்கிறாங்க, ஒரு வீட்ல கதவை சாத்துறாங்க, அந்த அவமானத்தைப் பார்த்துதான் பையன் வைராக்கியம் எடுக்கறான். நிஜத்துல அதுக்குப் பேரு மடிப்பிச்சை, அது வேண்டுதல். வீட்ல யாருக்காச்சும் அம்மை போட்டுது, இல்ல பெரிய ஆபரேஷன் நடந்துதுன்னா, "ஆத்தா, இதுலருந்து காப்பாத்து, உனக்கு மடிப்பிச்சை எடுத்து கூழ் ஊத்தறேன்"னு வேண்டிக்கறது. இல்லாதவங்கதான் எடுக்கணும்னு கிடையாது, சொந்த வீடு வச்சிருக்கறவங்களும் எடுப்பாங்க, கைல எவ்ளோ காசு இருந்தாலும் அந்தக் கூழுக்கு கடைல வாங்குன தானியம் மட்டும் போதாது, பிச்சை எடுத்த தானியம் அதுல சேர்ந்தே ஆகணும், அதுதான் அந்த வேண்டுதலோட கணக்கு.

என் தம்பிக்கு அஞ்சு வயசுல அம்மை போட்டு, தலைக்கு தண்ணி ஊத்துன பிறகு வந்த ஆடில எங்கம்மா எடுத்தாங்க. அப்பாவுக்கு ஹார்பர்ல மாச சம்பளம், வீட்ல அரிசிக்கு பஞ்சம் இல்ல. அம்மா தலைக்கு குளிச்சு, மஞ்சப் புடவை கட்டி, மூஞ்சி பூரா மஞ்சள் பூசி, செருப்பு இல்லாம கிளம்புனாங்க, நான் பின்னாலயே போனேன். எதிர் வீட்டுக்காரம்மாவுக்கும் எங்கம்மாவுக்கும் அப்போ குழாயடி சண்டைல மாசக்கணக்கா பேச்சே கிடையாது. அந்த வாசல்ல போய் நின்னு, "அம்மனுக்கு மடிப்பிச்சை போடுங்க தாயே"ன்னாங்க. அவங்க உள்ள போனதைப் பார்த்து வரவே மாட்டாங்கன்னு நான் நினைச்சேன். ஒரு சொம்புல மஞ்சத்தண்ணி எடுத்துட்டு வந்து எங்கம்மா கால்ல ஊத்தி, நெத்தில குங்குமம் வச்சு, மொறத்துல இருந்த கேழ்வரகை ரெண்டு கையாலயும் அள்ளி மடில போட்டு கும்பிட்டாங்க. எங்கம்மாவை கும்பிடல, மடி ஏந்தி வந்து நிக்கறது ஆத்தான்னுதான் கும்பிட்டாங்க. அதனாலதான் கதவை சாத்துற அந்த ஷாட் எங்க தெரு பொம்பளைங்க யாருக்கும் ஒட்டல. எவ்ளோ பகை இருந்தாலும் மடிப்பிச்சைக்கு வந்தவங்களை வெறும் மடியோட அனுப்ப பயப்படுவாங்க.

இப்போ உங்க ஆயா சொன்னதுக்கு வரேன். அவங்க சொன்னது அந்த ஆவியைத்தான்னு எனக்கு தோணுது. ஆடிக் கூழ்ல ஆவி பறக்காதும்மா. காலைல மாவைக் கரைச்சு, காய்ச்சி, அப்பவே ஊத்துனா அது கஞ்சி. கூழ்னா புளிக்கணும், அதுக்கு நாள் ஆகும்.

ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தறாங்கன்னு வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை ராத்திரியே கேழ்வரகு மாவை தண்ணி விட்டு தோசை மாவைவிட கொஞ்சம் தளர்வா கரைச்சு, மூடி ஒரு ஓரமா வச்சிடுவாங்க. மறுநாள் பார்த்தா மாவு அடில தங்கி மேல தண்ணி தெளிஞ்சிருக்கும், ஓரத்துல சின்னச் சின்ன நுரை கட்டியிருக்கும், கிட்டப் போனா மோர் மாதிரி ஒரு புளிப்பு வாசனை வரும். இட்லி மாவு புளிக்கறதும் இதுவும் ஒண்ணுதான், உப்பு இன்னும் போடக் கூடாது. மூக்கை சுளிக்கற மாதிரி நாத்தம் அடிச்சாலோ மேல கலர் கலரா பூத்திருந்தாலோ அது கெட்டுப்போச்சு, அதை தயங்காம கொட்டிட்டு பக்கத்து வீட்ல மாவு கேட்டு வாங்கிப்பாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு. முதல்ல நொய்யை தனியா நிறைய தண்ணில வேக வைக்கணும், எங்க வீட்டுக் கணக்கு நாலு படி மாவுக்கு ஒரு படி நொய். நொய் நல்லா குழைஞ்ச பிறகு தீயை இறக்கிட்டு புளிச்ச மாவை ஒருத்தர் மெதுவா ஊத்திக்கிட்டே வர, இன்னொருத்தர் துடுப்பு போட்டு கிண்டிக்கிட்டே இருக்கணும். இந்த இடத்துல கை நின்னுச்சுன்னா போச்சு, கட்டி தட்டிடும், இல்ல அடி புடிச்சிடும், அடி புடிச்ச வாசனை பானை பூரா ஏறி அப்புறம் எவ்ளோ மோர் ஊத்தினாலும் போகாது. வெளுத்துப் போன மாதிரி இருந்த மாவு வேக வேக கறுத்து பளபளன்னு வரும். கையைத் தண்ணில நனைச்சு மேல தொட்டுப் பாப்பாங்க, ஒட்டலன்னா வெந்துடுச்சுன்னு அர்த்தம். படத்துல துடுப்பால கூழைத் தொட்டு நாக்குல வச்சு உப்பு பாக்கறாரு ஹீரோ. சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னால எங்க பக்கம் அதை வாயில வைக்க மாட்டாங்க, பதமெல்லாம் கையும் கண்ணும் வச்சுதான்.

இறக்கி வச்சதும் வேலை முடியல, ராத்திரி பூரா அது ஆறணும். காலைல மேல ஆடை கட்டி களி மாதிரி இறுகியிருக்கும், அதைக் கையால உடைச்சு, தண்ணி விட்டு கட்டியில்லாம கரைச்சு, மோர், உப்பு, சின்ன வெங்காயம் போடுவாங்க. புளிச்ச மாவு, அதுல ஒரு ராத்திரி ஆறுனது, அப்புறம் மோர், எல்லாம் சேர்ந்துதான் ஆடி வெயில்ல ஒரு சொம்பு குடிச்சதும் வயித்துக்குள்ள அந்தக் குளிர்ச்சி இறங்குது. ஷூட்டிங்ல ஆவி வந்தாதான் சூடா சமைச்சதுன்னு ஸ்க்ரீன்ல தெரியும், அதுக்காக வச்சிருப்பாங்க, எனக்குப் புரியுது. ஆனா குளிர்ச்சிக்காக ஊத்துறதை கொதிக்க கொதிக்க காட்டிட்டாங்க.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமா படுது. படத்துல ஒரு அண்டா, ஒரு ஆளு, அவர் பணம், ஊர் வரிசையா நின்னு வாங்குது. அது அன்னதானம். நல்ல விஷயம்தான், ஆனா கூழ் ஊத்துறது அது இல்லம்மா. கோயில்ல பெருசா ஒரு கொப்பரை வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வீட்லருந்தும் பொம்பளைங்க பானைல, குடத்துல, எவர்சில்வர் தூக்குலகூட கூழ் கொண்டு வந்து, சாமி முன்னால வச்சு கற்பூரம் காட்டினதும், அந்தக் கொப்பரைல ஊத்துவாங்க. ஊத்தறதுன்னு சொல்றதே இதைத்தான். நாலு படி காய்ச்சுனவங்க கூழும், அரைப் படிக்கு மேல முடியாதவங்க கூழும், மடிப்பிச்சைல வந்த எதிர் வீட்டு கேழ்வரகும் ஒண்ணா கலந்துடும். அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் மொண்டு ஊத்துவாங்க, கொண்டு வந்தவங்களும் அதே வரிசைல சொம்பை நீட்டி வாங்கிட்டுப் போவாங்க. வீட்ல காய்ச்சுன கூழை வீட்லயே வச்சு குடிக்கறதுக்கும் கொப்பரைக் கூழுக்கும் ருசியே வேற, ஏன்னா நூறு வீட்டுப் புளிப்பு அதுல இருக்கு. ஹீரோவை அந்த வரிசைல ஒரு சொம்போட நிக்க வச்சிருந்தா கதைக்கும் ஒண்ணும் குறைஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

காப்பு விஷயம் சின்னது. கூழ் அன்னைக்கு காலைல காப்பு கட்டி அன்னைக்கு ராத்திரியே அவர் பெங்களூர் பஸ் ஏறிடறாரு. பல கோயில்ல காப்பு சில நாள் முன்னாடியே கட்டிடுவாங்க, கட்டுனவங்க கவுச்சி தொட மாட்டாங்க, அதை அவுக்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்க மாட்டாங்க. காப்பு இல்லாம அவரை பஸ் ஏத்தியிருந்தா போதும்.

பசங்க கலாய்க்கறதைப் பத்தி. எல்லாத் தெருவுலயும் ஒரே மாதிரி கிடையாதுன்னு அவங்ககிட்ட சொல்லு. காசிமேட்டுல ஒரு விதம், வியாசர்பாடில ஒரு விதம், கேழ்வரகு கூட கம்பு சேக்கறவங்க இருக்காங்க, இப்போ நிறைய கோயில்ல இளைஞர் மன்றமே மொத்தமா கேஸ் அடுப்புல காய்ச்சிடறாங்க, எல்லாரும் வேலைக்குப் போற வீட்ல யாரு ராத்திரி உக்காந்து கிண்டுவாங்க. அந்த டைரக்டர் அப்படி ஒரு கோயிலைப் பார்த்துட்டு எடுத்திருக்கலாம், அதை நான் பொய்னு சொல்ல மாட்டேன். மடிப்பிச்சையைப் பிச்சைன்னு புரிஞ்சுக்கிட்டதைத்தான் யாராவது அவருக்கு எடுத்து சொல்லணும், நானே எழுதலாம்னு இருக்கேன்.

படம் கூழோட முடிஞ்சிடுது, அன்னைக்கு ராத்திரி கும்பம் இருக்கு. வடிச்ச சோத்தை சாமி முன்னால மலை மாதிரி குவிச்சு, முருங்கைக்கீரை, கத்திரிக்கா மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, கொழுக்கட்டைன்னு படைச்சு, பம்பை உச்சத்துக்கு போகும்போது மேல கற்பூரம் ஏத்துவாங்க. சில கோயில்ல கருவாடு கிடையாது, சைவம்தான். உங்க தெருவுல எப்படின்னு ஆயாவையே கேளு, அவங்க காலத்துல மாவு எந்தப் பானைல புளிக்க வச்சாங்கன்னும் கேட்டு எனக்கு எழுது, எங்க வீட்ல மண்பானை, அது ஒரு ஆடில கை தவறி உடைஞ்சதுக்கு அப்புறம் அலுமினியத்துக்கு மாறிட்டோம்.

அன்புடன்,
அக்கா