நீண்ட சிலிண்டர், வளைந்த ராடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஈத்தாமொழியில் தென்னை நாரைப் பேல் கட்டும் பிரஸ் வைத்திருக்கிறேன். படுக்கைவாட்டுச் சிலிண்டரின் உள்விட்டம் 125 மி.மீ., ராடு 70 மி.மீ., அழுத்தம் 160 பார். பேலின் நீளத்தைக் கூட்ட ஸ்ட்ரோக்கை 1200-லிருந்து 1800 மி.மீ. ஆக்கினோம். மூன்றே மாதத்தில் ராடு வளைந்துவிட்டது. அழுத்தத்தைக் கூட்டவே இல்லையே?

தள்ளும் விசை மாறவில்லை என்பது உண்மைதான். அது முன்பும் இப்போதும் ஏறத்தாழ 20 டன். மாறியது, அந்த விசையைத் தாங்க வேண்டிய நீளம். நீண்ட கம்பியொன்றை முனையில் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும். அந்த எல்லையை ஆய்லர் சூத்திரம் தருகிறது.

```
F = π² × E × I / L²
I = π × d⁴ / 64
```

இதில் F நெளியத் தொடங்கும் விசை, E எஃகின் விறைப்பு, d ராடின் விட்டம். L என்பது ராடு முழுவதும் வெளியே வந்த நிலையில் பின்பக்கப் பின்னிலிருந்து முன்பக்கப் பின் வரையுள்ள தூரம். ஸ்ட்ரோக் மட்டுமே L என்று எடுத்துக்கொள்வதுதான் பட்டறைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்ட்ரோக் 600 மி.மீ. கூடும்போது பேரலும் அதே அளவு நீள்வதால், இரண்டு பின்களுக்கும் இடையிலான தூரம் 1200 மி.மீ. கூடுகிறது. உங்கள் பிரஸ்ஸில் அது 2850-லிருந்து 4050 மி.மீ. ஆகியிருக்கும் என்று கொண்டால், நெளியும் எல்லை சுமார் 31 டன்னிலிருந்து 15 டன்னாக இறங்குகிறது. ராடைவிடப் பேரல் விறைப்பானது என்பதால் உண்மையான எல்லை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மூன்று மாதம் ஓடியதற்கு அதுவே காரணம். பொதுவாக 3.5 மடங்கு பாதுகாப்பு வைப்பார்கள். பழைய சிலிண்டரிலேயே 1.5 மடங்குதான் இருந்தது. போதாக்குறைக்கு, நார் முழுவதும் இறுகி விசை உச்சத்தை எட்டும் நேரமும், ராடு முழுவதும் வெளியே நிற்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

ராடை 90 மி.மீ. ஆக்கினாலும் பாதுகாப்பு இரண்டு மடங்கை ஒட்டித்தான் நிற்கும். பின்பக்கப் பின்னை விட்டுவிட்டு, சிலிண்டரின் முன்தலையில் பிளேஞ்ச் வைத்துச் சட்டத்தோடு போல்ட் செய்வதே என் பரிந்துரை. அப்போது கணக்கில் வருவது, பிளேஞ்சிலிருந்து ராடு முனை வரையுள்ள ஏறத்தாழ 1950 மி.மீ.; ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் L-க்கு அதிலும் 0.7 பங்குதான். பழைய 70 மி.மீ. அளவு ராடே ஐந்து மடங்குக்கு மேல் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அழுத்தும் தட்டு பெட்டிக்குள் பக்கவாட்டில் ஆடாமல் வழித்தடத்தில் ஓட வேண்டும். அது ஆடினால் 0.7 என்பது 2 ஆகிவிடும். எல்லை மறுபடியும் 16 டன்னுக்கே வந்து நிற்கும். கிளாண்டின் ஒரே பக்கத்தில் எண்ணெய் கசிவதும், ராடின் குரோம் ஒரே பக்கத்தில் கோடு விழுவதும் இந்த ஆட்டத்தின் முதல் அடையாளங்கள்.

வளைந்த ராடுக்குப் பதிலாக EN19 ராடு போட்டால் போதும் என்கிறாரே லேத்காரர்?

போதாது. சூத்திரத்தில் உள்ள E எஃகின் விறைப்பு. அது EN8-க்கும் EN19-க்கும் ஏறத்தாழ ஒன்றே. இவ்வளவு நீண்ட ராடில் வலிமை கூடிய எஃகுக்குக் கொடுக்கும் பணம் நெளிவைத் தடுக்காது.

குலசேகரத்தில் ரப்பர் மரத்தடிகளைத் தள்ளும் இயந்திரத்தில் இதே அளவு சிலிண்டர் ஓடுகிறது. ஸ்ட்ரோக் முடிவில் 'டம்' என்று இடிக்கிறது. குஷன் நீடில் வால்வை முழுவதும் இறுக்கிவிடலாமா?

கூடாது. 600 கிலோ எடை வினாடிக்கு 8 செ.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் இரண்டு ஜூலுக்கும் குறைவு. ஒரு கிலோ எடைக்கல்லை 20 செ.மீ. உயரத்திலிருந்து போடுவது போன்றதுதான். குஷன் உண்மையில் எதிர்த்து நிற்பது பம்பை. நீடில் வால்வை அடைத்தால் பின்பக்கத்தில் 160 பார் ஏறும். குஷன் புஷ் 85 மி.மீ. விட்டமுள்ளதாக இருந்தால், முன்பக்கத்தில் சிக்கிய எண்ணெய் குறைந்த பரப்பில் அதே விசையைத் தாங்க வேண்டியிருப்பதால் 300 பாரை நெருங்கும். முதலில் போவது குஷன் சீல். அந்த அழுத்தம் கிளாண்டு வரை எட்டினால் அதன் சீலும் போகும். வால்வைக் கிட்டத்தட்ட மூடிய நிலையிலிருந்து கால் திருப்பாகத் திறந்துகொண்டே வாருங்கள்; இடியும் இல்லாமல், கடைசியில் தயங்கி நிற்பதும் இல்லாமல் முடியும் இடமே சரியான இடம். முடிவுக்குச் சற்று முன்பே லிமிட் சுவிட்ச் வைத்துப் பம்பின் ஓட்டத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவது இதைவிட நல்லது.

எங்கள் நார் பிரஸ் திரும்பத் தொடங்கும்போதே வெடிப்பது போன்ற சத்தம் வருகிறது. குஷன் போய்விட்டதா?

குஷன் ஸ்ட்ரோக்கின் கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டுமே வேலை செய்யும். பேல் தடுத்துப் பிஸ்டன் அதற்கு முன்பே நின்றுவிட்டால் அது தொடங்குவதே இல்லை. 160 பாரில் எண்ணெய் தன் கொள்ளளவில் சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். 22 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் அது கால் லிட்டரை ஒட்டி வரும். வால்வு சட்டென்று திசை மாறும்போது அந்த எண்ணெயும் இறுகிய நாரும் ஒரே நேரத்தில் விரிவதால் எழும் சத்தம் அது. திசை மாறுவதற்கு முன் ஒரு சிறிய வால்வு வழியாக அழுத்தத்தை ஓரிரு வினாடி மெல்ல இறக்குங்கள்; சிலிண்டரைக் கழற்ற வேண்டியதில்லை.