பாஸ்புக்ல பேலன்ஸ் குறைஞ்சிருந்தா பணம் எங்க போச்சு?

கேள்வி: எனக்கு 71 வயசு. வீட்டுக்காரர் இருந்த காலத்துலேர்ந்து ஒரே பேங்க், ஒரே பாஸ்புக், பென்ஷனும் அதுலதான் வருது. இப்ப பிராஞ்ச் மேனேஜர் ஒரு லெட்டர் அனுப்பியிருக்கார். சேவிங்ஸ்ல சும்மா கிடக்கற பணத்துக்கு ஆட்டோ ஸ்வீப் போட்டா 6 சதவீத வட்டியாம், மாசாமாசம் வட்டி தர்ற டெபாசிட் ஒண்ணு, கேரன்டி வருமானம்னு ஒரு பிளான். கீழ கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்றார். தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த ஸ்வீப்புக்கு ஒத்துக்கிட்டார், அடுத்த வாரம் பாஸ்புக்ல பாதிக்கு மேல பணத்தைக் காணோம். நான் கையெழுத்து போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: போடலாம்மா, ஆனா முதல் ஐட்டத்துக்கு மட்டும், அதுவும் மேனேஜர்கிட்ட நாலு விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டு. மூணாவதுக்கு இப்ப வேண்டாம், அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல உங்களுக்குத் தெரிஞ்சவரோட பணம். அது எங்கயும் போகல, அவர் பேர்லயே அதே பேங்க்ல டெபாசிட்டா உக்காந்திருக்கு. ஆட்டோ ஸ்வீப்னா இவ்வளவுதான், சேவிங்ஸ்ல ஒரு வரம்பு வெப்பாங்க, அதுக்கு மேல இருக்கற பணம் தானா டெபாசிட்டா மாறிடும், உங்களுக்குத் தேவைப்படறப்ப அந்த டெபாசிட் உடைஞ்சு திரும்ப சேவிங்ஸுக்கு வந்துடும். சிக்கல் என்னன்னா பாஸ்புக் சேவிங்ஸ் கணக்கோட புக்கு, அதுல சேவிங்ஸ்ல மிச்சம் இருக்கறது மட்டும்தான் பிரின்ட் ஆகும். பணம் வெளிய போன வரில ஸ்வீப்னோ டிரான்ஸ்ஃபர்னோ சுருக்கமா ஒரு குறிப்பு இருக்கும், பக்கத்துல ஒரு டெபாசிட் நம்பர், அதுவும் பாதி பிரின்டர்ல மங்கலா விழும். நான் கவுன்டர்ல உக்காந்திருந்த காலத்துல பாஸ்புக்கைத் தூக்கிட்டு கை நடுங்க வந்து நின்னவங்க நிறைய பேர், ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாத்தான் மூச்சே வரும் அவங்களுக்கு. இதை லெட்டர்லயே ரெண்டு வரி எழுதியிருந்தா பாதி பேரோட பயம் போயிருக்கும், ஏனோ எந்த லெட்டர்லயும் எழுத மாட்டேங்கறாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். உங்க பேங்க் ரேட் வேறயா இருக்கலாம், லெட்டர்ல 6 போட்டிருக்கறதால அதையே வெச்சுக்கறேன், சேவிங்ஸுக்கு 3 சதவீதம்னு வெச்சுக்குவோம். உங்க கணக்குல 3,20,000 இருக்கு, வரம்பு 50,000ன்னு வைங்க. அப்ப 2,70,000 டெபாசிட்டுக்குப் போகுது. ஒரு வருஷம் அதை யாரும் தொடலைன்னா வட்டி 16,200. சேவிங்ஸ்லயே கிடந்திருந்தா 8,100. ஆக கையெழுத்து ஒண்ணுக்கு வருஷத்துக்கு 8,100 அதிகம், இதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனா அந்த "தொடலைன்னா"ல தான் விஷயமே இருக்கு. லெட்டர்ல பெருசா போட்டிருக்கற 6 சதவீதம் முழுசா ஒரு வருஷம் இருந்த பணத்துக்கு. நடுவுல உடைஞ்சா, அது எத்தனை நாள் இருந்துச்சோ அத்தனை நாளைக்கு உண்டான ரேட்தான் தருவாங்க, அதுலயும் முன்கூட்டி எடுத்ததுக்குன்னு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழிச்சுக்குவாங்க, சில பேங்க் கழிக்கறதில்லை. பல பேங்க்ல 7 நாளுக்குள்ள எடுத்தா டெபாசிட் வட்டியே கிடையாது.

இதுல உங்க மாதிரி பென்ஷன் வர்றவங்களுக்கு ஒரு கூத்து நடக்கும் பாருங்க. மாசம் முதல் தேதி 30,000 வருதுன்னு வெச்சுக்குவோம். சேவிங்ஸ்ல ஏற்கனவே வரம்பு அளவுக்கு 50,000 இருக்கு, அதனால வந்த 30,000 அப்படியே டெபாசிட்டுக்கு ஓடிடும். அஞ்சாம் தேதி மருந்துக்கு எடுப்பீங்க, பத்தாம் தேதி கரண்ட் பில், அப்புறம் வீட்டுச் செலவு, ஒவ்வொண்ணா எடுத்து சேவிங்ஸ் 50,000க்குக் கீழ இறங்கினா டெபாசிட் துண்டு துண்டா உடையும், இல்ல அந்த 50,000லேர்ந்தே போகும், அது பேங்க்கோட செட்டிங்கைப் பொறுத்தது. உடையற பணம் பத்து இருபது நாள்தான் இருந்திருக்கும், அவ்வளவு குறைஞ்ச நாளைக்கு ரேட் 3.5ன்னா ஒண்ணு கழிச்சு 2.5, அதாவது சேவிங்ஸ்ல சும்மா இருந்தா வர்றதை விடக் கம்மி. தொகையா பார்த்தா சில்லறைதான், ஆனா பாஸ்புக்ல மாசத்துக்கு ஒரு பக்கம் போறதும் வர்றதுமா நிரம்பிடும், உங்க செலவு எது ஸ்வீப் எதுன்னே கண்டுபிடிக்க முடியாது, பாஸ்புக்கைப் பார்த்தே கணக்கு வெச்சு பழகினவங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

அதனால மேனேஜர்கிட்ட முதல் விஷயம், வரம்பை ஏத்தச் சொல்லுங்க. பிரின்ட் பண்ண ஃபார்ம்ல ஒரு தொகை போட்டிருப்பாங்க, அது குறைஞ்சபட்சம்தான், பல பேங்க்ல கஸ்டமர் கேட்டா அதை விட அதிகமா வெச்சுத் தருவாங்க. உங்களுக்கு 80,000 வெச்சு, மாசச் செலவு போக சேவிங்ஸ் 50,000க்கு இறங்கியிருந்தா, பென்ஷன் வந்தாலும் அது சேவிங்ஸ்லயே தங்கும், ஓட்டம் நின்னுடும். டெபாசிட்டுக்குப் போறது 2,40,000, கூடுதல் வட்டி 8,100க்குப் பதிலா 7,200. அந்த 900த்தை விட்டுக்கொடுத்து நிம்மதியையும் படிக்கக் கூடிய பாஸ்புக்கையும் வாங்கிக்கலாம்னு நான் சொல்லுவேன்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், லெட்டர்ல கண்டிப்பா இருக்காது. 2,40,000மும் ஒரே டெபாசிட்டா போகுதா, இல்ல ஆயிரம், பத்தாயிரம்னு துண்டா போகுதா? ஏன்னா பதினோராவது மாசம் திடீர்னு ஆஸ்பத்திரிக்கு 20,000 தேவைப்படுது, சேவிங்ஸ்ல பத்தலைன்னு வைங்க. துண்டா இருந்தா 20,000க்கு உண்டான துண்டு மட்டும் உடையும், மிச்சம் 2,20,000க்கு 6 சதவீதம் அப்படியே ஓடும். ஒரே கட்டியா இருந்தா மொத்தமும் உடைஞ்சு, பதினோரு மாசத்து ரேட் 5.5ன்னா ஒண்ணு கழிச்சு 4.5 சதவீதத்துல வட்டி போடுவாங்க. 13,200 வர வேண்டிய இடத்துல 9,900. இருபதாயிரம் எடுத்ததுக்கு 3,300 போச்சு. துண்டா இருந்தாலும் எது முதல்ல உடையும்னு கேளுங்க, கடைசியா போட்டது முதல்ல உடையறதுதான் பெரும்பாலும் நமக்கு நல்லது, பழைய துண்டு முழு வருஷத்தை முடிச்சுக்கும்.

மூணாவது, செக். நீங்க யாருக்காவது 1,00,000க்கு செக் குடுத்திருக்கீங்க, சேவிங்ஸ்ல 80,000தான் இருக்கு, டெபாசிட் தானா உடைஞ்சு செக் பாஸ் ஆகுமா? நிறைய பேங்க்ல ஆகும். ஆனா சில திட்டத்துல பணம் போறது மட்டும்தான் தானா நடக்கும், திரும்ப வர நீங்க பிராஞ்சுக்குப் போய் எழுதிக் குடுக்கணும், அப்ப பணம் இருந்தும் செக் ரிட்டர்ன் ஆகி அபராதம் வேற விழும். ஸ்வீப்னு பேர் ஒண்ணா இருந்தாலும் பேங்க்குக்கு பேங்க் இது மாறும், அதனால கேக்காம விடாதீங்க.

நாலாவது, பேர் விவரம். சேவிங்ஸ்ல நாமினி போட்டிருந்தா ஸ்வீப்ல உருவாகற டெபாசிட்டுக்கும் அதே நாமினி வருமான்னு கேளுங்க. உங்க கேள்வியைப் பார்த்தா வீட்டுக்காரர் பேர் இன்னும் கணக்குல ஜாயின்டா இருக்குமோன்னு தோணுது, இருந்தா ஸ்வீப்புக்கு முன்னாடி இறப்புச் சான்றிதழ் குடுத்து அவர் பேரை எடுத்துட்டு புதுசா நாமினி போட்டுடுங்க. இல்லைன்னா நாளைக்கு டெபாசிட்டை உடைக்கறப்ப கையெழுத்து விஷயத்துல இழுத்தடிப்பாங்க. மூத்த குடிமக்களுக்குன்னு கூடுதல் வட்டி உங்க பேங்க்ல இருந்தா அது ஸ்வீப் டெபாசிட்டுக்கும் உண்டான்னும் அப்படியே கேட்டுக்குங்க, சில இடத்துல தனியா போடற டெபாசிட்டுக்கு மட்டும்தான் தருவாங்க.

மாசாமாசம் வட்டி தர்ற டெபாசிட் தப்பில்லை, பென்ஷன் பத்தாதவங்களுக்கு ஏத்தது. உங்களுக்கு மாசச் செலவுக்குப் பென்ஷனே போதும்னா வட்டியை உள்ளேயே சேரவிடறதுதான் லாபம், மாசாமாசம் வாங்கினா வட்டிக்கு வட்டி கிடையாது.

இப்ப அந்த கேரன்டி பிளான். அதே லெட்டர்ல, அதே பேங்க் பேர்ல வந்ததால அதுவும் டெபாசிட்னு நினைச்சுடாதீங்க. இந்த மாதிரி பேர்ல பேங்க்குல விக்கறது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பாலிசி, பேங்க் நடுவுல இருக்கற ஏஜென்ட் மட்டும்தான். பல வருஷம் பிரீமியம் கட்டணும், முதல் ரெண்டு மூணு வருஷத்துல நிறுத்தினா கட்டினது முழுசா திரும்ப வராது. 71 வயசுல பத்து வருஷம் கட்டற பிளானைக் குடுக்கறவர் உங்க தேவையைப் பார்த்து குடுக்கல, அவருக்கு மேலேர்ந்து டார்கெட் இருக்கு, பாவம் அவர் மேல மட்டும் கோவப்பட்டு பிரயோஜனம் இல்லை. ஒரே கேள்வி கேளுங்க: "ஒரு வருஷம் கழிச்சு எனக்குப் பணம் வேணும்னா எவ்வளவு திரும்பத் தருவீங்க, எழுதித் தாங்க." டெபாசிட்னா அந்த இடத்துலயே எழுதித் தந்துடுவாங்க. பிளான்னா பேச்சு வேற பக்கம் போகும்.

லெட்டர்ல இருக்கற ஃபோன் நம்பருக்குப் பேசாதீங்க, தபால்லயும் அனுப்பாதீங்க, பாஸ்புக்கோட நேர்ல போங்க. மூணுக்கும் சேர்த்து கீழ ஒரே கையெழுத்து கேட்டிருந்தா அந்த ஃபார்ம்ல போடாதீங்க, ஒரு வெள்ளைத் தாள்ல எனக்கு ஆட்டோ ஸ்வீப் மட்டும் வேணும், வரம்பு இவ்வளவு, துண்டு இவ்வளவு, நாமினி இவங்கன்னு எழுதி ரெண்டு காப்பி குடுத்து ஒண்ணுல பேங்க் சீல் வாங்கி வெச்சுக்குங்க.

முதல் ஸ்வீப் நடந்த மாசக் கடைசியில பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு, கூடவே உங்க பேர்ல இருக்கற டெபாசிட் லிஸ்ட்டையும் பிரின்ட் கேளுங்க. பாஸ்புக் பேலன்ஸையும் லிஸ்ட்ல இருக்கற அசலையும் கூட்டினா, ஸ்வீப்புக்கு முன்னாடி இருந்த தொகையோட பென்ஷனைச் சேர்த்து செலவைக் கழிச்சா வர்றது வரணும். வரலைன்னா அங்கயே நின்னு கேளுங்க. பிடிக்கலைன்னா ஒரு லெட்டர்ல நிறுத்திடலாம், ஆனா அதுல "இனிமே புதுசா ஸ்வீப் வேண்டாம், இப்ப இருக்கற டெபாசிட் முதிர்வு வரைக்கும் இருக்கட்டும், தானா ரின்யூ பண்ண வேண்டாம்"னு எழுதிடுங்க, வெறுமனே கேன்சல்னு எழுதினா அன்னிக்கே எல்லாத்தையும் உடைச்சு வட்டியைக் குறைச்சு சேவிங்ஸ்ல போட்டுடப் போறாங்க.