தள்ளுபடிப் பதிவில் எந்தப் பழைய விலையை அடித்துக் காட்டுவது?

"தேங்கிய சரக்கை முடிக்க ஒரு பதிவு போடப் போகிறேன். பழைய விலை, புது விலை இரண்டும் தெரிய வேண்டும், ஆனால் வாங்குபவர்களை ஏமாற்றுவது போலவும் இருக்கக் கூடாது. எப்படி எழுதுவது?"

எந்தப் பழைய விலையின் மேல் கோடு போடுகிறீர்கள் என்பதுதான் விஷயமே. அதை நினைவிலிருந்து எழுதாதீர்கள், பில்களை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு தோள்பையை எடுத்துக்கொள்வோம். வந்த புதிதில் 1200 என்று சீட்டு ஒட்டினீர்கள், இரண்டுதான் விற்றது. அப்புறம் 1000 ஆக்கி மாதக்கணக்கில் விற்றீர்கள், மூன்று வாரம் முன்பு சில நாள் மட்டும் 900க்குக் கொடுத்துவிட்டு மறுபடி 1000க்கு ஏற்றினீர்கள். இப்போது 700. இதில் 1200ஐ அடித்தால் கிட்டத்தட்ட 42% தள்ளுபடி வருகிறது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் போன மாதம் 900க்கு வாங்கியவருக்கு உண்மை தெரியும். நானும் ஒருமுறை இப்படி முதல் விலையை அடித்துப் போட்டேன், ஒரு அம்மா தன் பழைய பில்லைப் படம் எடுத்து அனுப்பி "இது எப்போது அந்த விலைக்கு இருந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, அன்றே பதிவைத் திருத்தினேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட அளவுகோல், கடைசி 30 நாளில் நானே விற்ற மிகக் குறைந்த விலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் இதுதான் பொதுவான விதி, அங்கே சதவீதத்தையும் அந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2024இல் அவர்களின் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் விதி வேறாக இருந்தாலும் இதைப் பின்பற்றினால் யார் கேட்டாலும் கணக்குச் சொல்லலாம். நம் பைக்கு 900லிருந்து 700, அதாவது 22.2%. 22 என்றே போடுங்கள், 25 ஆக்காதீர்கள்.

பதிவில் இப்படி வரும்:

"தோள்பை, கறுப்பு மட்டும். கடந்த 30 நாளில் எங்கள் குறைந்த விலை 900, இப்போது 700 (22% குறைவு). 14 பைகள் உள்ளன."

வெறும் கோட்டை நம்ப வேண்டாம். வாட்ஸப்பில் `~900~` என்று அடித்தால் கோடு விழும், அதையே வேறு இடத்தில் ஒட்டினால் அந்த நெளிகோடுகள் அப்படியே நிற்கும், எது எந்த விலை என்று புரியாமல் போகலாம். "முன்பு", "இப்போது" என்ற சொற்கள் எங்கே ஒட்டினாலும் கூடவே வரும்.

சரக்கு நகராமல் இரண்டாம் முறை இறக்கினால், நடுவில் ஏற்றாத வரை 900, 700, 550 என்று மூன்றையும் வரிசையாகக் காட்டலாம்.

"60% வரை" என்று தலைப்பு வைப்பதாக இருந்தால் எத்தனை பொருளுக்கு அந்த 60% என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதில் இரண்டுக்குத்தான் என்றால் "பெரும்பாலானவை 20–30%, இரண்டு மட்டும் 60%" என்று எழுதுவதே சரி. ஜிப் பழுதான பையை நல்ல பையின் விலையோடு ஒப்பிடுவதும் அதே தப்புதான், அதற்குத் தனி வரி போட்டு, பழுதைப் படத்தில் காட்டி, சதவீதம் எதுவும் இல்லாமல் விலையை மட்டும் எழுதுங்கள்.