சிக்னல் இல்லாத ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை

ஊத்துக்கோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகன் சென்னையில் ஐடிஐ எலெக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஊரிலேயே தொழில் தொடங்க ஆசைப்படுகிறார். ஊரில் போன் பேசவே மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. எந்தத் தொழில் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துத் தொழிலைச் சொல்லிக் குழப்ப விரும்பவில்லை. அவர் படிப்புக்கும் உங்கள் ஊருக்கும் பொருந்துவது பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை. மோட்டார் எரிந்தால் பயிர் காயும் என்பதால் விவசாயி ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்க மாட்டார், மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குத்தான் வருவார்.

ஐடிஐ-யில் காயில் கட்டும் வைண்டிங் பாடம் உண்டு என்றாலும், கை பழக அது போதாது. அம்பத்தூர் பக்கம் ஒரு வைண்டிங் கடையில் ஆறு மாதம் வேலைக்குச் சேரட்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பிரிக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் காயில் உட்காரும் ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, பழைய செம்பு எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ஊரில் சந்தேகம் வந்தால் போனில் தேட முடியாது, அந்த நோட்டுதான் கைகொடுக்கும். கம்பியின் தடிமனான கேஜை, மேலே பூசிய எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். எனாமலோடு அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும், கணக்கு தப்பும். மாறாக, தேவையைவிட மெல்லிய கம்பி போட்டுக் கட்டிய மோட்டார் சூடேறித் திரும்பி வரும்.

அவர் நன்றாகக் கற்க வேண்டிய இன்னொன்று, எரிந்த காயிலைப் பார்த்துக் காரணம் சொல்வது. சுற்று முழுக்க ஒரே மாதிரி கறுத்திருந்தால் லோடு அதிகம், வோல்டேஜ் குறைவு, அல்லது பம்ப் இறுகிப்போயிருக்கிறது. மூன்று பேஸ் காயிலும் ஒரு முனையில் சேரும் ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில் கறுத்து ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஒரு பேஸ் வராமல் ஓடியிருக்கிறது. மூன்றும் முக்கோணமாகச் சேரும் டெல்டாவில் அதே கோளாறு பெரும்பாலும் ஒரு பேஸ் காயிலைத்தான் எரிக்கும். இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு ஓட்டுகிற தோட்டங்களிலிருந்து இப்படி நிறைய வரும். காரணத்தைச் சொல்லாமல் காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் மோட்டார் மறுபடி எரியும், பழி உங்கள் மகன் மேல் வரும். ஸ்டார்ட்டரையும் போய்ப் பார்த்து, ஓவர்லோடு ரிலேவை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்றபடி வைத்துவிட்டு வர வேண்டும்.

சப்மர்சிபிள் மோட்டாரை முதல் வருடம் தொட வேண்டாம் என்பேன். தண்ணீர் நிரப்பிய மோட்டாருக்கு எனாமல் கம்பி ஆகாது, பிளாஸ்டிக் உறை போட்ட தனிக் கம்பி வேண்டும். கட்டி முடித்ததும் தண்ணீரில் ஊறவைத்து, மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். தவறினால் போர்வெல்லிலிருந்து மறுபடி தூக்கும் கூலியும் தலையில் விழும்.

பணக் கணக்குக்கு வருவோம். கம்பி விலை அடிக்கடி மாறும், கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்கிறேன். ஒரு 5 எச்பி மோட்டாருக்கு 3 கிலோ கம்பி, கிலோ 1,000 ரூபாய் என்றால் 3,000. காகிதம், ஸ்லீவ், வார்னிஷ் 400. கம்பியும் சேர்த்து வாங்கும் கூலி 3,500. பழைய செம்பு 3 கிலோ, கிலோ 600-க்குப் போனால் 1,800. ஆக மிச்சம் 1,900. பழைய செம்பு யாருக்கு என்று வேலையை எடுக்கும்போதே பேசிவிட வேண்டும். இதில்தான் அதிகம் சண்டை வரும்.

கூலியை அறுப்பு முடிந்து தருகிறேன் என்பார்கள். அப்போது முடங்குவது லாபம் 1,900 மட்டும் இல்லை, செம்பு விற்ற காசு போகக் கைக்காசு 1,600-ம் சேர்த்து 3,500. நான்கு மோட்டார் இப்படிப் போனால் 14,000 ரூபாய் வெளியே நிற்கும். அடுத்த மோட்டாருக்குக் கம்பி வாங்கப் பணம் இருக்காது, கடை அங்கேதான் மூடும். அதனால் கம்பிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிட்டு, மீதியை மட்டும் கடன் சொல்லலாம். ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும் ஊர் என்பதால் ரொக்கம்தான், கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று போதும்.

மழைக்காலத்தில் மோட்டார் வேலை படுத்துவிடும். மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் காயில் அந்த மாதங்களை ஓட்டும்.

கடன் வாங்குவதற்கு முன்னால் அப்பாவும் மகனுமாக ஒரு வாரம் சைக்கிளில் சுற்றுங்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை பம்ப்செட், போன இரண்டு வருடத்தில் எத்தனை எரிந்தது, எங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று பால் சொசைட்டியிலும் உரக்கடையிலும் கேட்டு எழுதுங்கள். மாதம் எட்டு மோட்டாருக்குக் குறைவாக வந்தாலோ, அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் நல்ல கடை ஒன்று ஏற்கெனவே இருந்தாலோ, தனிக்கடை வேண்டாம். அந்தக் கடைக்காரரிடமே மகனைச் சேர்த்துவிடுங்கள்.